வாங்கிய பிறகும் விளம்பரம் துரத்துகிறதா?

கேள்வி: சேலை விற்கும் வெப்சைட் நடத்துகிறேன். பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு மெட்டாவில் தினமும் 500 ரூபாய்க்கு விளம்பரம் ஓடுகிறது. "வாங்கிட்டேங்க, இன்னும் ஏன் காட்டுறீங்க?" என்று கமெண்ட் வருகிறது. ஒருவருக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு வைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அதற்கு முன் பட்ஜெட்டைக் கணக்குப் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். ஆட்ஸ் மேனேஜரில் கடந்த 7 நாட்களைத் தேர்ந்தெடுத்து, Frequency எண்ணைப் பாருங்கள். ஒருவர் சராசரியாக எத்தனை முறை விளம்பரத்தைப் பார்த்தார் என்பதே அது.

பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களின் பட்டியலில் 3,000 பேர் இருப்பதாகவும், ஆயிரம் முறை காட்ட 100 ரூபாய் ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். 500 ரூபாய்க்கு ஒரு நாளில் 5,000 முறை காட்டும். வாரத்துக்கு 35,000, தலைக்குக் கிட்டத்தட்ட 12 முறை. பணம் இருக்கும்வரை மெட்டா அதே ஆட்களிடம்தான் திரும்பத் திரும்பப் போகும், அதற்கு வேறு ஆள் இல்லை. சேலைக்கு வாரம் 5 முறை போதும் என்பது என் கணிப்பு. 3,000 பேருக்கு 5 முறை என்றால் 15,000, அதாவது வாரம் 1,500 ரூபாய். நாளுக்கு 215 ரூபாய் வைத்தால் போதும். மீதிப் பணத்தைப் புது ஆட்களைக் கொண்டுவரச் செலவிடுங்கள்.

வரம்பு வைக்கும் வசதி எல்லா கேம்பெயினிலும் ஒரே மாதிரி இருக்காது. Awareness கேம்பெயினில் ரீச்சை, அதாவது எத்தனை பேரை எட்டுகிறது என்பதை இலக்காக வைத்தால், 7 நாளுக்கு இத்தனை முறை என்று நீங்களே எண் போடலாம். விற்பனைக்கான Sales கேம்பெயினில், கன்வெர்ஷனை, அதாவது பார்த்தவர் வாங்குவதை இலக்காக வைத்தால் அப்படி எண் போட முடியாது. அங்கே ஆட் செட்டில் இலக்கை daily unique reach என்று மாற்றினால், ஒருவருக்கு நாளுக்கு ஒரு முறைக்கு மேல் காட்டாது. ஆனால் யார் வாங்குவார் என்று தேடிக் காட்டும் வேலையையும் மெட்டா விட்டுவிடும். அதனால் சிறிய பட்டியலுக்கு, கன்வெர்ஷனை அப்படியே வைத்துப் பட்ஜெட்டைக் குறைப்பதே நல்லது.

வாங்கியவர்களுக்கும் காட்டுவது தனிக் கோளாறு. Purchase பதிவான ஆட்களை 180 நாளுக்கு ஒரு கஸ்டம் ஆடியன்ஸாக்கி, ஆட் செட்டில் விலக்குங்கள். அப்படியும் கமெண்ட் வந்தால், பணம் கட்டியவர் உங்கள் 'நன்றி' பக்கத்துக்குத் திரும்பாமலே பேமென்ட் பக்கத்தை மூடியிருப்பார். வெப்சைட்டில் நடப்பதை மெட்டாவுக்குச் சொல்லும் பிக்ஸலுக்கு அந்த விற்பனையே தெரியாது. வாட்ஸ்ஆப்பில் ஆர்டர் கொடுத்தவர்கள் கதையும் அதுதான். ஆகவே வாரம் ஒருமுறை, வாங்கியவர்களின் போன் எண் பட்டியலையும் ஏற்றி விலக்குங்கள். வாங்கும்போதே அதற்கு அவர்களின் சம்மதத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

Frequency வெறும் சராசரி என்பதையும் மறக்காதீர்கள். 5 என்று காட்டும்போதே ஃபேஸ்புக்கில் நாள் முழுக்க இருப்பவர் 15 முறை பார்த்திருக்கலாம். அவரைக் காப்பாற்றுவது, வெப்சைட்டுக்கு வந்தவர் எத்தனை நாள் பட்டியலில் இருப்பார் என்ற கால அளவுதான்: 30 நாள் வைத்திருந்தால் 14 நாளாகச் சுருக்குங்கள். சுருக்கினால் ஆட்கள் குறைவார்கள். அதே நாளில் பட்ஜெட்டையும் அந்த அளவுக்குக் குறைக்காவிட்டால் Frequency மறுபடி ஏறிவிடும்.