வேலை விளம்பரத்தில் எந்த வரி தேவை, எது வேண்டாம்: கேள்வி பதில்

ஆள் எடுக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். விளம்பரம் வெளியே போகும் முன் படித்துத் திருத்துவது அதில் பாதி வேலை. கேள்விகளோடு விளம்பரத்தையும் அப்படியே போடச் சொல்லியிருந்தேன். முதலில் வந்த விளம்பரத்துக்குத்தான் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

கிடங்கு மேலாளர்: "கிடங்கு உதவியாளர் தேவை. 25 வயதுக்குட்பட்ட துடிப்பான ஆண்கள். ஏதேனும் ஒரு பட்டம், 3 வருட அனுபவம், சரளமான ஆங்கிலம், சொந்த இரு சக்கர வாகனம் அவசியம். எந்த வேலையையும் முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும்." இப்படிப் போட்டோம். வந்தவர்களில் பாதிப் பேருக்கு என்ன வேலை என்றே தெரியவில்லை. எதை மாற்றலாம்?

பதில்: தெரியாமல் வந்தது அவர்கள் குற்றமில்லை. ஆள் எப்படி இருக்க வேண்டும் என்று ஏழெட்டு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள், வேலையைப் பற்றி ஒன்றுகூட இல்லை. தனியே கேட்டபோது நீங்கள் எழுதி அனுப்பிய விவரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம். நான் கேட்பது மூன்றே கேள்வி. இந்தத் தகுதி எந்த வேலைக்குத் தேவைப்படுகிறது? சேர்ந்தபின் ஒரு மாதத்தில் கற்றுக்கொடுக்க முடியாதா? நேர்காணலில் இதை எப்படிச் சோதிப்பீர்கள்?

பட்டம்: வரும் சரக்கைச் சலானோடு சரிபார்ப்பது, எண்ணிக்கையைக் கணினியில் பதிவது, ஆர்டர்படி எடுத்து அடுக்குவது. இதுதான் வேலை. இதற்குப் பட்டம் எங்கே வருகிறது? கவனமாக எண்ணத் தெரியுமா என்று பார்க்க வேண்டுமானால் பத்து வரி சலானையும் சில பெட்டிகளையும் கொடுத்து, எங்கே பொருந்தவில்லை என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அனுபவம்: உங்கள் மென்பொருளைப் புதியவர் இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்கிறார் என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் 3 வருடம் எதற்கு? 'இருந்தால் நல்லது' என்ற பகுதிக்குத் தள்ளிவிடலாம்.

ஆங்கிலம்: பொருள்களின் பெயரும் குறியீடும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். யாரோடும் ஆங்கிலத்தில் பேசும் வேலை இல்லை. 'சரளமான' என்ற ஒரு சொல்லால் நல்ல ஆட்கள் வாசலிலேயே நின்றிருப்பார்கள்.

வண்டி: மாதம் ஓரிரு முறை கிளைக்குப் போக வேண்டும் என்பதுதான் காரணம். அதற்கு நிறுவனச் செலவில் ஒரு ஆட்டோ போதும். இதை அடித்துவிடுங்கள்.

ஆண்கள்: நீங்கள் சொன்ன காரணம் பாரம். சரி, பாரத்தையே எழுதுங்கள். "20 கிலோ வரையுள்ள பெட்டிகளைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைக்க வேண்டும், நாளொன்றுக்குச் சுமார் 40 முறை." இதைப் படிக்கும் பெண் தன்னால் முடியுமா என்று தானே முடிவு செய்வார். முதுகுவலி உள்ள ஆணும் அப்படியே. 'ஆண்கள்' என்று போட்டால் தூக்க முடியாத ஆண் வருவார், முடிந்த பெண் வரமாட்டார். இரண்டு பக்கமும் நஷ்டம். எண்ணைப் போடும் முன் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். உண்மையில் 12 கிலோதான் என்றால் 12 என்றே எழுதுங்கள். பயமுறுத்தக் கூட்டிச் சொல்லும் பழக்கம் பலரிடம் இருக்கிறது.

வயதுக்கும் துடிப்புக்கும் பொருந்தும் வேலை எதுவும் உங்கள் விவரத்தில் இல்லை. 'முகம் சுளிக்காமல்' என்பதைப் படிப்பவர், "டீ வாங்கி வரவும் சொல்வார்கள் போல" என்றுதான் நினைப்பார். திருத்தியபின் இப்படி வரும்:

"கிடங்கு உதவியாளர். முழுநேரம், காலை 8 முதல் மாலை 5 வரை, வாரம் 6 நாள்.
வேலை: வரும் சரக்கைச் சலானோடு சரிபார்த்துக் கணினியில் பதிவது, ஆர்டர்படி பொருள்களை எடுத்து அடுக்குவது. 20 கிலோ வரையுள்ள பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்க வேண்டும், நாளொன்றுக்குச் சுமார் 40 முறை.
தேவை: ஆங்கிலத்தில் உள்ள பொருள் பெயர்களையும் எண்களையும் பிழையின்றிப் படிப்பது.
இருந்தால் நல்லது: கிடங்கு அல்லது கடையில் இருப்புக் கணக்குப் பார்த்த அனுபவம். மென்பொருளை நாங்களே கற்றுத் தருவோம்.
தேர்வு: 10 நிமிடச் செய்முறைச் சோதனை, பிறகு நேர்காணல்."

இதன் கீழே சம்பள வரம்பைச் சேருங்கள். 'தகுதிக்கேற்ப' என்று போடாதீர்கள்.

அதே மேலாளர்: வயது வரம்பை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாமே? மேற்பார்வையாளருக்கு 28 வயது. மூத்தவர்களிடம் வேலை வாங்க அவர் சங்கடப்படுகிறார்.

பதில்: சங்கடம் மேற்பார்வையாளருக்கு. அதை அவரிடம் பேசுங்கள், விளம்பரத்தில் ஏற்றாதீர்கள். தவிர, வயதை வைத்து ஆளைத் தள்ளுவது பல நாடுகளில் சட்ட மீறல்.

சிறு நிறுவனம் நடத்துபவர்: 60 சதவீதத் தகுதி இருந்தாலே ஆண்கள் விண்ணப்பிப்பார்கள், பெண்கள் 100 சதவீதமும் இருந்தால்தான் விண்ணப்பிப்பார்கள் என்று ஆராய்ச்சி சொல்கிறது. அதனால் தகுதிகளை 60 சதவீதமாகக் குறைத்துவிட்டால் பெண்கள் வந்துவிடுவார்கள் அல்லவா?

பதில்: பாதி சரி. அந்த எண் ஒரு நிறுவனத்தின் உள் அறிக்கையில் இருந்ததாகச் சொல்லப்பட்டு ஊரெல்லாம் பரவியது. முறையாக வெளிவந்த ஆய்வாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பட்டியல் நீண்டால் தயங்குபவர்கள் விலகிப் போவதை விண்ணப்பங்களைப் பார்க்கும் எவரும் கவனித்திருப்பார்கள். தயங்குவதில் ஆண்களும் உண்டு.

அதற்காகக் கணக்குப் போட்டு 40 சதவீதத்தை வெட்டுவது சரியான வழி இல்லை. பத்து வரியில் ஆறு உண்மையிலேயே தேவை என்றால் ஆறும் இருக்கட்டும், இரண்டுதான் தேவை என்றால் இரண்டு. 'தேவை' என்று எழுதியது இல்லாத ஒருவரை, மற்றதெல்லாம் பிடித்திருந்தால், சேர்த்துக்கொள்வீர்களா? 'ஆமாம்' என்றால் அது தேவை இல்லை, 'இருந்தால் நல்லது'.

மென்பொருள் குழுத் தலைவர்: நான் "இந்தக் கருவியில் வேலை செய்திருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மனிதவளப் பிரிவு "குறைந்தது 5 வருடம்" என்று சேர்த்துவிட்டது. எப்படித் தடுப்பது?

பதில்: முதலில் அந்தக் கருவிக்கே ஐந்து வயது ஆகிவிட்டதா என்று பாருங்கள். பைதான் மொழியில் இணையச் சேவை எழுத உதவும் FastAPI என்ற கருவி வெளிவந்தது 2018 டிசம்பரில். 2020-இல் ஒரு விளம்பரம் அதில் 4 வருட அனுபவம் கேட்டது. தன்னாலேயே விண்ணப்பிக்க முடியாது என்று அந்தக் கருவியை உருவாக்கியவரே பொதுவெளியில் எழுதினார்.

மனிதவளப் பிரிவை முழுக்கக் குறை சொல்லவும் மாட்டேன். நூற்றுக்கணக்கில் வரும் விண்ணப்பங்களைப் பிரிக்க அவர்களுக்கு ஏதோ ஒரு அளவுகோல் வேண்டும், நீங்கள் கொடுக்காவிட்டால் வருடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். வருடத்துக்குப் பதிலாக ஆள் செய்து முடித்திருக்க வேண்டியதைச் சொல்லுங்கள்: "பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் ஒரு சேவையை எழுதி, வெளியிட்டு, பழுது வந்தபோது தானே சரிசெய்திருக்க வேண்டும்." இதை ஒருவர் ஒன்றரை வருடத்தில் செய்திருக்கலாம், இன்னொருவர் எட்டு வருடத்திலும் செய்யாமல் இருந்திருக்கலாம். விண்ணப்பத்தில் படித்துச் சரிபார்க்கவும் முடியும்.

வேலை தேடுபவர்: நான் பார்த்த ஒரு விளம்பரத்தில் கேட்கும் ஆறு தகுதிகளில் எனக்கு நான்கு இருக்கிறது. பட்டம் பாதியில் நின்றுவிட்டது. விண்ணப்பிக்கலாமா?

பதில்: இங்கே விளம்பரம் எழுதுகிறவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம், பரவாயில்லை. எந்த நான்கு என்பதைப் பொறுத்தது. வேலை விவரத்தில் தினமும் செய்ய வேண்டியவை உங்களுக்குத் தெரியும் என்றால் அனுப்பிவிடுங்கள். சட்டப்படி வேண்டிய உரிமம், பதிவு போன்றவை உங்களிடம் இல்லையென்றால் அனுப்பிப் பயனில்லை.

மனிதவளத் துறையில் மூத்தவர்: பட்டத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இல் டியூக் பவர் நிறுவன வழக்கில் இதைத்தான் பார்த்தது. பள்ளி இறுதிச் சான்றிதழ் கேட்டார்கள்; சான்றிதழ் இல்லாத பழைய ஊழியர்களோ அதே வேலையை நன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள். வேலையோடு தொடர்பில்லாமல் ஒரு சாராரை வெளியே நிறுத்தும் தகுதி செல்லாது என்று தீர்ப்பானது. ஆனால் இப்போது பலர் "பட்டம் அல்லது அதற்கு இணையான அனுபவம்" என்று எழுதிவிட்டு, விண்ணப்பப் படிவத்தில் "பட்டம் உண்டா?" என்ற கேள்விக்கு 'இல்லை' என்றால் தானாக நிராகரிக்கும்படி வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தை மட்டும் திருத்தி என்ன பயன்?

பதில்: எனக்குத் தோன்றாமல் போனது, நன்றி. விளம்பரத்தைச் சரிபார்க்கும்போது படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டம் இல்லாத ஒரு கற்பனை விண்ணப்பத்தை நீங்களே அனுப்பி, அது யார் கைக்காவது வந்து சேர்கிறதா என்று பாருங்கள். அந்த வழக்கிலிருந்து இன்னொரு சோதனையும் கிடைக்கிறது: இப்போது இந்த வேலையை நன்றாகச் செய்பவர் இந்த விளம்பரத்தில் தேறுவாரா?

பயிற்சி நிலைய நிர்வாகி: 'தலைமைப் பண்பு', 'போட்டி மனப்பான்மை' மாதிரிச் சொற்கள் பெண்களை விலக்கும் என்று ஒரு பட்டியல் பார்த்தேன். தமிழிலும் அதையெல்லாம் நீக்க வேண்டுமா?

பதில்: அந்தப் பேச்சு பெரும்பாலும் காஷர், ஃப்ரீசன், கே ஆகிய மூவரின் 2011 ஆய்விலிருந்து வருகிறது. ஆண்சாயல் சொற்கள் கூடிய விளம்பரங்கள் பெண்களை அவ்வளவாக ஈர்க்கவில்லை. திறமை போதாது என்று நினைத்ததால் அல்ல, 'இது நமக்கான இடமில்லை' என்று தோன்றியதால். ஆனால் அது ஆங்கிலச் சொற்களை வைத்துச் செய்தது. பட்டியலை மொழிபெயர்த்துத் தமிழ் விளம்பரத்தில் களை பிடுங்குவது அர்த்தமில்லை.

தமிழில் விலக்கும் சொற்கள் வேறு மாதிரி வரும். "குடும்பப் பாங்கான பெண்கள்", "நல்ல தோற்றம்", "திருமணமாகாதவர்", "கம்பீரமான குரல்" போன்றவை. இவற்றுக்கு நுணுக்கமான ஆய்வே தேவையில்லை, நேராகவே கதவைச் சாத்துகின்றன. மற்றபடி 'விற்பனையாளர்', 'உதவியாளர்' என்று ர் விகுதியில் எழுதினாலே பெரும்பாலும் பொதுவாகிவிடும். 'இருபாலரும்' என்பதைவிட 'பாலின வேறுபாடின்றி' என்று எழுதுவேன். திருநங்கை, திருநம்பியர் படிக்கும்போது வித்தியாசம் தெரியும்.

சொல்லை மட்டும் மாற்றினால் வருகிறவர்கள் எவ்வளவு மாறுவார்கள் என்று கேட்டால், கொஞ்சம்தான் என்பது என் எண்ணம். தேவையற்ற தகுதியை நீக்குவதில் பலன் அதிகம். இதில் என்னோடு உடன்படாதவர்கள் இருக்கிறார்கள்.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருப்பவர்: எங்கள் வேலை மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது. "சிறந்த பேச்சுத் திறன் தேவை" என்று இத்தனை நாளாகப் போடுகிறோம். இதுவும் தவறா?

பதில்: ஆமாம். காது கேளாத, ஆனால் அருமையாக எழுதக்கூடிய ஒருவரை அந்த வரி வெளியே நிறுத்திவிடும். "கோபமாக வரும் மின்னஞ்சலுக்கு நிதானமாக, தெளிவாகப் பதில் எழுத வேண்டும்" என்று போடுங்கள். சோதனைக்கு அப்படி ஒரு மின்னஞ்சலைக் கொடுத்துப் பதில் வாங்குங்கள். படிவத்தில் "சோதனைக்கு வேறு ஏற்பாடு தேவைப்பட்டால் சொல்லுங்கள்" என்று ஒரு வரியும் சேருங்கள். குழுக் கூட்டம் தினமும் தொலைபேசியில்தான் நடக்கிறது என்றால் அதை விளம்பரத்தில் மறைக்காதீர்கள். கூட்டத்தை எழுத்தில் நடத்த முடியுமா என்று குழுவில் முதலில் பேசுங்கள்.