தீபாவளி இனிப்புப் பெட்டி முன்பதிவு அறிவிப்பு: இனிப்பு வகை, எடுக்கும் தேதி முடிவாகும் முன் எப்படி எழுதி வைப்பது?

கேள்வி: சிங்கப்பூரில் சின்ன இனிப்புக் கடை. தீபாவளிக்குப் பெட்டி முன்பதிவு எடுக்கணும். என்னென்ன இனிப்பு, எந்தத் தேதியில் வந்து எடுக்கலாம் என்பது இன்னும் முடிவாகலை. அந்த இடங்களைக் காலியாக விட்டு, பிறகு நிரப்புற மாதிரி ஒரு அறிவிப்பு எப்படி எழுதுவது?

முதலில் எடுக்கும் நாளை முடிவு செய்யுங்கள், இனிப்பு வகை அதற்குப் பிறகு. பெரும்பாலான கடைகள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பால்கோவாவை நாலு நாள் முன்னதாகக் கொடுத்து மாட்டிக்கொள்கின்றன.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் விடுமுறை. அதனால் அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்களுக்குக் கொடுக்க வாங்குபவர்களுக்கு வெள்ளிக்கிழமையே கடைசி நாள். அவர்கள் புதன், வியாழன் அன்றே பெட்டியை எடுத்தாக வேண்டும். வீட்டுக்கு வாங்குபவர்களோ சனிக்கிழமை வந்தால்தான் இனிப்பு புதிதாக இருக்கும் என்று நினைப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பெட்டி சரிவராது. புதன்கிழமை எடுத்த பெட்டி ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், பிரிக்காமலே இரண்டு மூன்று நாள் கிடக்கும். மைசூர்பாகு, லட்டு, முந்திரி கத்லி அதைத் தாங்கும். கலாகண்டும் பால்கோவாவும் நம் ஊர்ச் சூட்டில் தாங்காது, குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

ஆகவே காலியிடத்துக்குப் பெயர் வைக்கும்போதே இனிப்பின் தன்மையும் அதில் இருக்கட்டும். [இனிப்பு 1], [இனிப்பு 2] என்று வைத்தால், அவசரத்தில் நிரப்புகிற பையன் எதையும் எங்கேயும் போட்டுவிடுவான். [நெய் இனிப்பு], [பால் இனிப்பு] என்று வைத்தால் தவறு நடக்க வழி குறைவு. மாதிரி இது:

```
தீபாவளி இனிப்புப் பெட்டி முன்பதிவு

*அ பெட்டி* (அலுவலகத்துக்கு) [அ விலை] வெள்ளி
[நெய் இனிப்பு 1], [நெய் இனிப்பு 2], [முந்திரி இனிப்பு]
எடுக்கும் நாள்: [அ நாள் 1] அல்லது [அ நாள் 2]
பதிவு முடிவு: [அ கடைசி நாள்] இரவு 8 மணி

*ஆ பெட்டி* (வீட்டுக்கு) [ஆ விலை] வெள்ளி
[நெய் இனிப்பு 1], [பால் இனிப்பு 1], [பால் இனிப்பு 2]
எடுக்கும் நாள்: [ஆ நாள்] மட்டும்
பதிவு முடிவு: [ஆ கடைசி நாள்] இரவு 8 மணி

இரண்டு பெட்டியிலும் வகைக்கு 4 துண்டு, மொத்தம் 12.
நேரம்: காலை 10-12, மதியம் 2-4, மாலை 5-7
முட்டை இல்லை. [ஒவ்வாமைப் பொருள்கள்] சேர்ந்தது.

இப்படி அனுப்புங்கள்:
பெயர் / அ அல்லது ஆ / எத்தனை / நாள் / நேரம்
```

[நெய் இனிப்பு 1] இரண்டு பெட்டியிலும் வருவதைக் கவனியுங்கள். ஒரே பொருளுக்கு எங்கு வந்தாலும் ஒரே பெயர்தான். அப்போது ஒரே முறையில் எல்லா இடத்திலும் மாற்றலாம்; ஓரிடத்தில் மைசூர்பாகு, இன்னோர் இடத்தில் பாதுஷா என்று முரண்படாது. அறிவிப்பைப் போடுவதற்கு முன் தேடல் பெட்டியில் [ என்ற குறியை மட்டும் தட்டிப் பாருங்கள். ஒன்றுகூட அகப்படக் கூடாது.

2026க்கு நிரப்பினால்: அ பெட்டியில் மைசூர்பாகு, லட்டு, முந்திரி கத்லி. எடுக்கும் நாள் நவம்பர் 4 புதன் அல்லது 5 வியாழன், பதிவு முடிவு அக்டோபர் 28. ஆ பெட்டியில் மைசூர்பாகு, பால்கோவா, கலாகண்ட். எடுக்கும் நாள் நவம்பர் 7 சனி மட்டும், பதிவு முடிவு நவம்பர் 1. இரண்டு பெட்டிக்குமே பதிவு முடிவதற்கும் எடுக்கும் நாளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வாரம் இடைவெளி இருக்கிறது. நெய், முந்திரி, காலிப் பெட்டி எல்லாம் வாங்கி வைக்கவும், பட்டியலைச் சரிபார்க்கவும் அது போதும்.

இந்த இடைவெளியைக் குறைக்காதீர்கள். அ பெட்டி 100 பதிவாகியிருக்கிறது என்று வையுங்கள். வகைக்கு 4 துண்டு என்றால் மைசூர்பாகு மட்டும் 400 துண்டு. துண்டு 40 கிராம் என்றால் 16 கிலோ. வெட்டும்போது ஓரமும் உடைசலும் போகும், அதற்கும் சேர்த்துக் கிளற வேண்டும். கடைசி நேரத்தில் இன்னும் இருபது பெட்டி என்று யாராவது வந்தால் அதன் அர்த்தம் இன்னொரு 3 கிலோவுக்கு மேல்.

எடையிலும் ஒரு பொறி உண்டு. 12 துண்டு, 40 கிராம் வீதம் 480 கிராம்தான். பெட்டியின் பெயர் அரைக்கிலோப் பெட்டி என்பதால் அறிவிப்பில் 500 கிராம் என்று போட்டுவிடுவார்கள். கையால் பிடிக்கிற லட்டு 35 கிராமும் வரும், 42ம் வரும். எடை போடுவதானால், எந்தப் பெட்டியிலும் குறையாத அளவைப் போடுங்கள், இங்கே 450 கிராம். இல்லையென்றால் மேலே உள்ளதுபோலத் துண்டுக் கணக்கோடு விட்டுவிடலாம். விலை விஷயமும் அப்படித்தான்: கடை ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்திருந்தால் 9 விழுக்காடு சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும், ‘வரி தனி’ என்று போடக் கூடாது.

வகை உண்மையிலேயே முடிவாகவில்லை என்றால் காலியிடத்தோடு வெளியிடாதீர்கள். ‘பால்கோவா அல்லது கலாகண்ட், நவம்பர் 1க்குள் சொல்கிறோம்’ என்று எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். அதற்குள் யாராவது குடும்பக் குழுவில் பகிர்ந்துவிட்டால், அந்தப் பழைய செய்தி உங்கள் கையை விட்டுப் போனதுதான். நவம்பர் முதல் வாரத்தில்கூட அதைக் காட்டி, ‘இதுல வேற தேதி போட்டிருக்கே அண்ணே’ என்பார்கள். தலைப்புக்குக் கீழே ‘அக்டோபர் 10 அன்று வெளியிட்டது’ என்று ஒரு வரி சேர்த்தால், எது புதியது என்று அவர்களுக்கே தெரியும்.

ஒவ்வாமைப் பொருள் வரியில் பால், முந்திரி எப்படியும் வரும். பாதுஷா, சோன்பப்டி போட்டால் கோதுமையும், எள்ளுருண்டை போட்டால் எள்ளும், கடலை மிட்டாய் போட்டால் வேர்க்கடலையும் சேர வேண்டும். இனிப்பை மாற்றினால் இந்த வரியையும் கூடவே மாற்ற வேண்டும். மறக்கிற இடம் இதுதான். ஆ பெட்டிக்கு ‘எடுத்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்’ என்பதை அறிவிப்பிலும் பெட்டி மேலும் போடுங்கள். மைசூர்பாகை உள்ளே வைத்தால் நெய் இறுகிக் கல்லாகிவிடும், அதை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முறுக்கு, மிக்சரை இந்தப் பெட்டிக்குள் சேர்க்காதீர்கள். பால் இனிப்பின் ஈரத்தில் ஒரே இரவில் நமுத்துப்போகும். காரத்துக்கு இறுக மூடிய தனிப் பொட்டலம்தான்.

நேரத்தைப் பிரித்திருப்பதற்குக் காரணம், தீபாவளிக்கு முந்தின நாள் தேக்காவில் நடக்கவே இடமிருக்காது. பெயர் பார்த்து, பணம் சரிபார்த்து, பெட்டி எடுத்துக் கொடுக்க ஓர் ஆளுக்கு 3 நிமிடம் என்று வைத்தால், ஒருவர் மட்டும் நின்று 2 மணி நேரத்தில் 40 பேரைத்தான் அனுப்ப முடியும். ஒரு நேரத்துக்கு 40 பேர் பதிந்ததும் அதை மூடிவிட்டு, அந்த நேரத்துக்கு எதிரே ‘நிரம்பியது’ என்று போட்டு அறிவிப்பைப் புதிதாக அனுப்புங்கள். பணத்தைப் பேநவ்வில் முன்கூட்டியே வாங்கி, குறிப்பில் பதிவு எண்ணைப் போடச் சொன்னால் அந்த 3 நிமிடமும் குறையும். ஆனால் பணம் கட்டியதாக அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ‘சரி’ என்று சொல்லாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பதிவு எண்ணுக்கு எதிரே டிக் போடுங்கள்.