நகைக்கடன் பணத்துக்குக் கெல்லி சூத்திரம் பொருந்துமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஏழு மாதங்களில், சிறிய கிரிப்டோ காயின்களில் ஐயாயிரம் ரூபாய் வீதம் 40 டிரேடு செய்தேன், 22-இல் லாபம். விலை பாதியானால் விற்றுவிடுவேன், 75 சதவீதம் ஏறினால் லாபத்தை எடுத்துவிடுவேன். கெல்லி சூத்திரப்படி ஒவ்வொரு டிரேடிலும் மொத்த முதலில் 25 சதவீதம் வரை இழக்கத் துணியலாம் என்று என் மச்சான் எக்செல்லில் போட்டுக் காட்டியதால், சேமிப்பு 6 லட்சத்தை அப்படியே இறக்கினேன். அடுத்தடுத்து நான்கு டிரேடு நஷ்டம், 1.9 லட்சம்தான் மிச்சம். மனைவியின் நகையை அடகு வைத்து 4 லட்சம் வாங்கியிருக்கிறேன், இன்னும் போடவில்லை. அதைச் சேர்த்து அதே 25 சதவீதத்தைத் தொடரச் சொல்கிறார் மச்சான். செய்யலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். அந்த 4 லட்சத்தை இந்த வாரமே வங்கியில் திருப்பிக் கட்டி நகையை மீட்டுவிடுங்கள். மச்சானின் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. அவர் கணக்குக்குள் போட்ட எண்களில்தான் பிழை இருக்கிறது.

சூத்திரம் இதுதான்:

```
f = p − q/b
```

f என்பது முதலில் எவ்வளவு பங்கை இழக்கத் துணியலாம் என்ற அளவு, p என்பது ஜெயிக்கும் வாய்ப்பு, q தோற்கும் வாய்ப்பு, b என்பது ஒரு ரூபாய் நஷ்டத்துக்கு எதிரே கிடைக்கும் லாபம். 40-இல் 22 என்றால் p 0.55, பாதி நஷ்டத்துக்கு எதிரே முக்கால் லாபம் என்றால் b 1.5. ஆக, 0.55-இலிருந்து 0.30-ஐக் கழித்தால் 0.25 வருகிறது. இதை 1956-இல் எழுதிய ஜான் கெல்லி, பெல் ஆய்வகத்தில் தொலைபேசிக் கம்பியில் செய்தி போகும் வேகத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவர். வாய்ப்பு இவ்வளவு என்று உறுதியாகத் தெரிந்த பந்தயத்துக்கு, நீண்ட ஓட்டத்தில் பணம் மிக வேகமாக வளரும் அளவை அவருடைய சூத்திரம் சொல்கிறது. கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசையில் இதைப் பயன்படுத்தியபோது, வந்துபோன சீட்டுகளை எண்ணித் தம் சாதகத்தைக் கணக்கிட முடிந்தது. உங்கள் 0.55-ஐ அப்படி எண்ணிப் பெறவில்லை. அது 40 டிரேடுகளிலிருந்து எடுத்த ஊகம்.

நாற்பது முறை மட்டும் பார்த்து எடுத்த விகிதத்தில், ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளிகள் கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். உண்மையான வாய்ப்பு 47 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரம் அப்போது சொல்லும் அளவு 12 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. நீங்கள் துணிந்த 25 அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. கெல்லி அளவைத் தாண்டத் தாண்ட வளர்ச்சி குறைந்துகொண்டே போய், ஏறத்தாழ இரு மடங்கில் பூஜ்யமாகிவிடும். அதற்கு மேல், பந்தயம் சராசரியில் சாதகமாகவே இருந்தாலும் முதல் தேயும். ஜெயித்தால் உங்கள் பணம் 1.375 மடங்காகிறது, தோற்றால் 0.75 மடங்காகிறது. 100 டிரேடில் 47 வெற்றி, 53 தோல்வி என்று பெருக்கிப் பாருங்கள்: போட்டதைவிடக் குறைவாகத்தான் மிஞ்சும். அதே 47 சதவீத வாய்ப்பில் பாதி அளவை, அதாவது 12.5 சதவீதத்தை, மட்டும் துணிந்திருந்தால் முதல் வளர்ந்திருக்கும்.

அளவுக்குக் குறைவாகத் துணிவதில் இழப்பு சிறிது. பாதிக் கெல்லியில் வளர்ச்சி வேகத்தில் முக்கால் பங்கு கிடைக்கிறது, ஏற்ற இறக்கமோ பாதியாகிறது. முழுக் கெல்லியில், வாய்ப்பைச் சரியாகவே கணித்திருந்தாலும், முதல் என்றாவது ஒரு நாள் பாதியாகும் சாத்தியம் ஏறத்தாழ இரண்டில் ஒன்று. பாதிக் கெல்லியில் எட்டில் ஒன்று. தொழிலாகவே இதைச் செய்பவர்கள் பாதிக்கும் கால்வாசிக்கும் இடையில் நிற்பதற்கு இதுவே காரணம்.

இனி வரி. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. செஸ் சேர்த்தால் 31.2. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழித்துக்கொள்ள முடியாது. ஜெயித்த ஒவ்வொரு ரூபாயிலும் ஏறத்தாழ 69 காசுதான் உங்களுடையது, தோற்ற ரூபாய் முழுவதும் உங்களுடையது. ஆகவே b 1.5 இல்லை, 1.03 தான். மச்சானின் 55 சதவீதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் விடை 25-இலிருந்து 11-க்கு இறங்குகிறது. அவர் ஒதுக்கிவைத்த அந்த நான்கு நஷ்டங்களையும் எண்ணிக்கையில் சேருங்கள். 44-இல் 22 என்றால் சரிபாதி; வரிக்குப் பின் விடை ஒன்றரை சதவீதம். நான்கே டிரேடில் 11 சதவீதம் ஒன்றரையாகச் சுருங்குகிறது என்றால், அந்த எண்ணை நம்பி ஒரு குடும்பத்தின் சேமிப்பை இறக்கியிருக்கவே கூடாது.

இந்தக் கணக்கில் நஷ்டம் பாதியோடு நின்றுவிடும் என்றும் வைத்திருக்கிறோம். சிறிய காயின்களில் அதற்கு உத்தரவாதம் இல்லை. 2022 மே மாதத் தொடக்கத்தில் 80 டாலருக்கு மேல் இருந்த லூனா என்ற காயின், இரண்டு வாரத்துக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. அப்படிப்பட்ட சரிவில் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும், அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தால்தான் விற்க முடியும். சூத்திரத்துக்குத் தெரிந்தது இரண்டே முடிவுகள். இந்த மூன்றாவது முடிவு அதற்குத் தெரியாது. நான்கு காயின்களில் பிரித்துப் போடுவதும் பெரிதாக உதவாது. பிட்காயின் விழுகிற நாளில் சிறியவை பெரும்பாலும் சேர்ந்தே விழுகின்றன என்பதால் அது நான்கு பந்தயம் ஆகாது, ஏறத்தாழ ஒரே பந்தயம்தான்.

கடனுக்கு வருகிறேன். கெல்லி முறை உங்களைக் காப்பாற்றுவது ஒரே வழியில்தான்: முதல் சுருங்கும்போது பந்தயமும் சுருங்க வேண்டும். 6 லட்சத்தில் ஒன்றரை லட்சம் துணிந்தவர், 1.9 லட்சத்தில் அதே 25 சதவீதப்படி 47,500 ரூபாய்தான் துணியலாம். கடன் வாங்கிப் பழைய உயரத்துக்கு நிரப்பும் அந்தப் பழக்கம் இந்த ஒரே காப்பையும் கழற்றி எறிகிறது. 4 லட்சத்தைச் சேர்த்து 5.9 லட்சமாக்கி அதில் 25 சதவீதம் துணிந்தால் ஏறத்தாழ 1.48 லட்சம். உங்கள் சொந்தப் பணத்தில் அது 78 சதவீதம். எந்த b-ஐப் போட்டாலும் உங்கள் p-க்கு அந்த விடை வராது. சூத்திரத்தின் விடை p-ஐத் தாண்டவே தாண்டாது. ஒரு நஷ்டம் வந்தால் சொந்தப் பணமாக மிஞ்சுவது 42,000 ரூபாய் சொச்சம். இரண்டாவது நஷ்டம் நகையில் கைவைக்கும். வட்டி 10 சதவீதம் என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 40,000 ரூபாய், டிரேடு ஜெயித்தாலும் தோற்றாலும் கட்டியாக வேண்டும். அதுவும் மச்சானின் தாளில் இல்லை.

இதை விட மனமில்லை என்றால் 1.9 லட்சத்தில் ஒன்றரை சதவீதத்தின் கால்வாசியை மட்டும் துணியுங்கள். ஏறத்தாழ 700 ரூபாய் வரும். விலை பாதியானதும் விற்பவர் என்பதால், 1,400 ரூபாய்க்கு வாங்கலாம். சிரிப்பாகத்தான் இருக்கும், நீங்கள் தொடங்கிய ஐயாயிரத்தைவிடவும் சிறியது. இன்னும் 100 டிரேடை இந்த அளவில் செய்து, நினைத்த விலையை விட்டுவிட்டு உண்மையில் விற்ற விலையை மட்டும், வரியைக் கழித்து எழுதிவாருங்கள். அதுவரை மிச்சப் பணம் எக்ஸ்சேஞ்சில் இருக்க வேண்டாம், வங்கிக்கு வரட்டும். அளவைக் கூட்டியே ஆக வேண்டும் என்று மச்சான் சொன்னால், அந்தக் கூடுதல் பணத்தை அவர் தம் கணக்கிலிருந்து, தம் பெயரில் போட்டுக்கொள்ளட்டும்.