தீராத கவலை மூளையை அழிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 52. திருத்துறைப்பூண்டி பக்கம் நாலு ஏக்கர் சாகுபடி. மூன்று ஆண்டுகளாக நட்டம். நகையெல்லாம் அடகில் இருக்கிறது. மேலுரம் போட்டேனா இல்லையா என்பதே மறந்துவிடுகிறது. நகையைத் திருப்புவதா, வட்டி கட்டிப் புதுப்பிப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் தள்ளிப்போடுகிறேன். பின்னிரவில் விழிப்பு வந்துவிடுகிறது. என் தகப்பனார் கடைசிக் காலத்தில் ஆளையே மறந்தார். கவலை என் மூளையை அழித்துக்கொண்டிருக்கிறதா? அழிந்தது திரும்புமா?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: ஐயா, நீண்டநாள் மன அழுத்தம் மூளையைத் தொடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் நரம்பணுக்களைக் கொல்வதில்லை, அவற்றின் கிளைகளைக் குறுக வைக்கிறது. தங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. மன அழுத்தம் வந்தால் அதன் சுரப்பு கூடும். இயல்பான நாளில் அது பின்னிரவில் ஏறத் தொடங்கி, விழித்த முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைந்து, நள்ளிரவை ஒட்டி மிகவும் தாழ்கிறது. கார்ட்டிசால் போதிய அளவு ஏறியதும் சுரப்பை நிறுத்தச் சொல்லும் மூளைப் பகுதிகளுள் ஒன்று ஹிப்போகாம்பஸ். புதிய நினைவுகளைப் பதிய வைப்பதும் அதுவே. அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அங்கே மிகுதி என்பதை 1968இல் நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்யூவன் எலிகளில் கண்டறிந்தார். வாய்க்கால் நிறைந்ததும் மதகை இறக்க வேண்டியவரே அந்த வெள்ளத்தில் நின்று தளர்ந்துபோவதைப் போல, கார்ட்டிசால் மாதக்கணக்கில் மிகுந்திருந்தால் அதைக் கட்டுப்படுத்த வேண்டிய ஹிப்போகாம்பஸே வலுவிழக்கிறது; அதனால் சுரப்பு அடங்க மேலும் தாமதமாகிறது.

எலிகளை நாள்தோறும் 6 மணி நேரம் வீதம் 21 நாட்கள் அடைத்துவைத்த ஆய்வுகளில், ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் குட்டையானதைக் கண்டார்கள். அணுக்கள் சாகவில்லை. அடைப்பை நிறுத்திய சில வாரங்களுக்குள் கிளைகள் மீண்டும் நீண்டன. மேலுரம் போட்டது நினைவில் நிற்காததற்கு இத்தகைய மாற்றம் ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிட எளிய காரணமும் உண்டு: மனம் கடனில் இருக்கும்போது கை செய்யும் வேலை முதலிலேயே சரியாகப் பதிவதில்லை.

முடிவெடுக்க முடியாத தவிப்புக்கு நெற்றிக்குப் பின்னாலுள்ள பிரிஃபிரன்டல் கார்டெக்ஸைத்தான் பார்க்க வேண்டும். நகையைத் திருப்பக் கையிருப்பைக் கொடுத்தால் அடுத்த சாகுபடிக்கு எது மிஞ்சும், புதுப்பித்தால் வட்டி எவ்வளவு ஏறும், நெல்லுக்குப் பணம் எப்போது கைக்கு வரும் என்ற மூன்று கணக்குகளையும் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொண்டு ஒப்பிடுவது அதன் வேலை. தொடர்ந்த அழுத்தத்தில் இங்கும் கிளைகள் சுருங்குகின்றன. பழக்கத்தை நடத்தும் பகுதியோ வலுப்பெறுகிறது. ஆகவே மனிதர் எடைபோட்டுத் தேர்வதை விட்டு, சென்ற முறை செய்ததையே திரும்பச் செய்கிறார், அல்லது ஒத்திவைக்கிறார். இதைச் சோம்பல் என்றோ கோழைத்தனம் என்றோ வீட்டார் சொன்னால், அது நியாயமன்று. அந்த மூன்று கணக்குகளையும் தாளில் எழுதி, விவரம் தெரிந்த ஒருவருடன் பகற்பொழுதில் உட்கார்ந்து பாருங்கள். மனம் ஏந்த வேண்டிய சுமையில் பாதியைத் தாள் வாங்கிக்கொள்ளும்.

மனிதர்களிடமும் மீட்சி காணப்பட்டிருக்கிறது. தேர்வுக்குத் தயாரான மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் திறன் அழுத்தத்தால் குறைந்திருந்தது. ஒரு மாத ஓய்வுக்குப் பின் அது சீரடைந்தது. ஆனால் வயதான எலிகளின் பிரிஃபிரன்டல் கார்டெக்ஸில் இந்த மீட்சி இளம் எலிகளைப் போல நிகழவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால்தான் கடன் முழுதும் தீரட்டும் என்று தாங்கள் காத்திருக்கக் கூடாது என்கிறேன்.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சிலருக்கு ஹிப்போகாம்பஸ் இயல்பாகவே சிறியது. ஒரு படத்தை மட்டும் வைத்து அது கவலையால் சுருங்கியதா என்று சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியது வேறு. உரச் சாக்கையோ ரசீதையோ பார்த்ததும் "ஆமாம், போட்டோம்" என்று நினைவு திரும்பினால், அது பெரும்பாலும் கவனக்குறைவால் வரும் மறதி. எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் நடந்ததே நினைவுக்கு வராமல் போவது, பழகிய வழி தவறுவது, தாங்கள் உணராமல் வீட்டார் மட்டும் மாற்றத்தைக் காண்பது ஆகியவை தகப்பனாரின் நோயை நினைக்க வேண்டிய அடையாளங்கள்.

எதுவாயினும் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். பின்னிரவு விழிப்பும் முடிவெடுக்க இயலாமையும் சேர்ந்து வருவது சிகிச்சையால் தீரக்கூடிய மனச்சோர்வாக இருக்கலாம். தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடுகளும் இதே மறதியைத் தரும் என்பதால் அந்த இரத்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் நேராக வாங்கும் மாத்திரைகள் இருந்தால் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். அவற்றில் இருக்கக்கூடிய பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கார்ட்டிசாலின் ஏற்பிகளிலேயே வேலை செய்பவை. நாள்பட உட்கொண்டிருந்தால் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.