ஒன்பது டியூப்பில் எத்தனை ‘ஆர்ட்டிஸ்ட்’?

கேள்வி: பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் ஒருவர் ஒன்பது நீர்வண்ண டியூப்களையும் ஒரு பிரஷ்ஷையும் சேர்த்து ‘ஆர்ட்டிஸ்ட் கிரேடு, கோலின்ஸ்கி பிரஷ்’ என்று போட்டு 3,000 ரூபாய் கேட்கிறார். படத்தை இணைத்திருக்கிறேன். அவர் சொல்வது உண்மையா? வாங்கலாமா?

பதில்:

ஆறு டியூப்கள் மாணவர் தரம். இரண்டு கலைஞர் தரம். வலது ஓரத்தில் இருக்கும் ஒன்றைப் பற்றி இந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிரஷ்ஷைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

விற்பவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. டியூப்பில் ‘வின்சர் அண்ட் நியூட்டன்’ என்று பெரிதாக இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு உயர்ந்த சரக்கு என்று நம்பியிருப்பார். பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறிய ஆறு டியூப்களில் நிறுவனப் பெயருடன் ‘காட்மன்’ என்ற சொல்லும் இருக்கிறது. அது நிறத்தின் பெயரல்ல, அந்நிறுவனத்தின் மாணவர் வரிசையின் பெயர். நார்விச் ஊரைச் சேர்ந்த நீர்வண்ண ஓவியர் ஜான் செல் காட்மனின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். (1842-இல் இறந்துபோன மனிதருக்குத் தன் பெயர் மலிவு வரிசைக்குப் போனது தெரியாமல் இருப்பதே நல்லது.) கலைஞர் வரிசைக்கு இப்போது ‘புரொஃபஷனல்’ என்று பெயர், பழைய டியூப்களில் ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் வாட்டர் கலர்’ என்று இருக்கும். உங்கள் படத்தில் உயரமாக நிற்கும் இரண்டும் அந்தப் பழைய லேபிள் ஒட்டியவை.

எழுத்து மங்கலாக இருந்தால் அளவைப் பாருங்கள். இந்த நிறுவனத்தில் காட்மன் டியூப் 8 அல்லது 21 மில்லியில் வரும். கலைஞர் வரிசை 5, 14, 37 மில்லிகளில் வரும். எனவே ‘8 மிலி’ என்ற ஓர் எழுத்து தெரிந்தாலே போதும். மற்ற நிறுவனங்களும் இப்படி இரண்டு வரிசை வைத்திருக்கின்றன. ஷ்மின்கேயில் ஹோராடம் உயர்ந்தது, அகாடமி மாணவருக்கானது. ராயல் டாலன்ஸில் ரெம்பிராண்ட் உயர்ந்தது, வான்கோ அதற்கு அடுத்தபடி. நம் ஊர்க் கடைகளில் கேமல் நிறுவனமும் ‘ஸ்டூடன்ட்’, ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று இரண்டையும் விற்கிறது. ஒரு நிறுவனத்தின் ‘ஆர்ட்டிஸ்ட்’ இன்னொரு நிறுவனத்தின் ‘ஆர்ட்டிஸ்ட்’டுக்குச் சமம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் லேபிளில் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு நான் முதலில் தேடுவது டியூப்பின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியைத்தான். PB29, PR206 என்பது போல இருக்கும். முதலில் வரும் P நிறமி, B நீலம், R சிவப்பு, Y மஞ்சள், G பச்சை. அதன்பின் வரும் எண் உலகம் முழுவதும் ஒன்றே. நிறத்துக்கு நிறுவனம் எந்த அழகான பெயரைச் சூட்டினாலும் உள்ளே இருப்பது என்ன பொருள் என்பதை இந்தக் குறி சொல்லிவிடும்.

உங்கள் படத்தில் இடமிருந்து இரண்டாவது டியூப்பை எடுத்துக்கொள்வோம். ‘கோபால்ட் புளூ ஹியூ’. இந்த ‘ஹியூ’ என்ற சின்னச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. உண்மையான கோபால்ட் நீலத்தின் குறி PB28. கோபால்ட் உலோகம் விலை கூடியது. அதனால் கலைஞர் வரிசையில் அந்த டியூப் உயர்ந்த விலைப் பிரிவில் இருக்கும். லேபிளில் ‘சீரிஸ் 4’ என்று போட்டிருப்பார்கள். மாணவர் வரிசையில் அதற்குப் பதிலாக மலிவான நீலங்களைக் கலந்து, தேவைப்பட்டால் வெள்ளையும் சேர்த்து, கோபால்ட்டைப் போன்ற நிறத்தைக் கொண்டுவருகிறார்கள். ‘ஹியூ’ என்றால் ‘இந்த நிறம், ஆனால் இந்தப் பொருள் இல்லை’ என்று பொருள். தாளில் தனியாகப் பூசும்போது வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. மஞ்சளுடன் கலந்தால் தெரியும்: வெள்ளை சேர்ந்த கலவை தரும் பச்சை, மோர் ஊற்றியதுபோல் கலங்கிப்போகும். உண்மையான கோபால்ட் தாளின் குழிகளில் மெல்லிய மணல்போல் படியும், ஈரப் பிரஷ்ஷால் துடைத்தால் பெருமளவு எழுந்துவரும். வானத்தில் மேகத்தைத் துடைத்தெடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். ‘காட்மியம் ரெட் ஹியூ’, ‘விரிடியன் ஹியூ’ ஆகியவையும் இப்படித்தான். உண்மையான விரிடியன் PG18. காட்மனின் ஹியூவில் இருப்பது PG7. சாயம் ஏறினால் தாளை விட்டு எளிதில் போகாத பச்சை அது.

இதற்காக மாணவர் டியூப்கள் அத்தனையும் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறில் ஒன்று அல்ட்ராமரின். அதன் குறி PB29. கலைஞர் வரிசையின் பிரெஞ்சு அல்ட்ராமரினும் PB29தான். இரண்டும் ஒரே நிறமி. மாணவர் டியூப்பில் நிறமி குறைவு, நிரப்பியும் பிசினும் கூடுதல், அவ்வளவே வித்தியாசம். ஓக்கர், பர்ன்ட் சியன்னா போன்ற மண் நிறங்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். மலிவான நிறமியை மலிவாகக் கொடுப்பதில் யாருக்கும் சிரமமில்லை. இந்த நிறங்களில் காட்மனை நான் இன்றும் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறேன்.

அடுத்து சொல்லப்போவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். உயரமான இரண்டில் ஒன்று ‘அலிசரின் கிரிம்சன்’, குறி PR83. அது கலைஞர் தரம்தான், சந்தேகமில்லை. ஆனால் PR83 வெளிச்சத்தில் வெளிறக்கூடியது என்பது ஓவியர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த குறை. பக்கத்தில் இருக்கும் காட்மனின் ‘அலிசரின் கிரிம்சன் ஹியூ’வில் இருப்பது PR206. அது PR83-ஐவிட நன்றாக நிலைக்கும். ஆகவே இந்த ஒரு நிறத்தில் மாணவர் டியூப்பே மேல். தரப் பெயர் ஒன்று, ஒளி தாங்கும் திறன் வேறொன்று. வின்சர் அண்ட் நியூட்டன் அந்தத் திறனை AA, A, B, C என்று லேபிளில் குறிக்கிறது. AA, A இரண்டும் நம்பகமானவை, B வந்தால் யோசியுங்கள்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை இணையக் கடையில் படத்தை மட்டும் பார்த்து 24 டியூப் பெட்டி ஒன்றை வாங்கினேன். மூடியில் ‘புரொஃபஷனல்’ என்று தங்க எழுத்தில் இருந்தது. எந்த டியூப்பிலும் நிறமிக் குறி இல்லை. அதில் ஒரு ரோஜா நிறம் கண்ணைப் பறித்தது. அதைக் கொண்டு செம்பருத்தி ஒன்றை வரைந்து மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன். ஆறேழு மாதத்தில் பூ காணாமல் போய், இலைகளின் நடுவே லேசான பழுப்புக் கறை மட்டும் மிஞ்சியது. சட்டத்தைக் கழற்றியபோது அதன் விளிம்பு மறைத்திருந்த ஒரு விரற்கடை அகலத்தில் மட்டும் இதழ் அன்று பூசிய நிறத்திலேயே இருந்தது. அன்றிலிருந்து குறி இல்லாத டியூப்பை, என்ன பெயர் போட்டிருந்தாலும், மாணவர் தரத்துக்கும் கீழாகவே வைக்கிறேன்.

இப்போது அந்த ஒன்பதாவது டியூப். லேபிளின் மேல் பிளாஷ் வெளிச்சம் அடித்து எழுத்து முழுக்க வெள்ளையாகிவிட்டது. நீலம் என்பது தெரிகிறது, அதற்குமேல் தெரியவில்லை. மூடியின் நிறத்தையோ லேபிளின் வண்ணப் பட்டையையோ வைத்து ஊகிக்க வேண்டாம். அது அச்சு மை. செல்பேசி கேமராவும் நீலங்களைத் தன் விருப்பத்துக்கு மாற்றிவிடும். விற்பவரிடம் இன்னொரு படம் கேளுங்கள். பிளாஷ் இல்லாமல், ஜன்னல் ஓரத்தில், டியூப்பைச் சற்றுச் சாய்த்துவைத்து, நிறத்தின் பெயர் இருக்கும் முன்பக்கத்தையும் பொடி எழுத்து இருக்கும் பின்பக்கத்தையும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். டியூப்பின் மடிந்த அடிப்பகுதி தெரியும்படியும் ஒரு படம் வேண்டும்; அங்கிருந்து எத்தனை சுருட்டு சுருட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்கிடலாம்.

எவ்வளவு நல்ல படமானாலும் டியூப்பில் எவ்வளவு நிறமி இருக்கிறது என்பதைக் காட்டாது. அதைக் கையில் கிடைத்தபின் பார்க்க வேண்டும். தட்டில் கடுகளவு அல்ட்ராமரினும், குவாஷ் எனப்படும் ஒளி ஊடுருவாத வண்ணத்தில் வெள்ளை மிளகளவும் எடுத்துக் குழைத்துத் தாளில் தடவுங்கள். பக்கத்தில், தரம் தெரிந்த ஒரு டியூப்பின் அதே PB29-ஐ அதே அளவில் குழைத்துத் தடவுங்கள். காய்ந்தபின் எது வெளிறித் தெரிகிறதோ அதில் நிறமி குறைவு. ஒரே குறி உள்ள இரண்டை ஒப்பிட்டால்தான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. டியூப் காய்ந்துபோயிருந்தால் அஞ்ச வேண்டாம். நீளவாக்கில் வெட்டி, கட்டியை எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, ஈரப் பிரஷ்ஷால் தேய்த்துப் பயன்படுத்தலாம்.

பிரஷ்ஷைப் படத்தில் பார்த்துக் கோலின்ஸ்கி என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இல்லை என்று சந்தேகிக்க இடமுண்டு. கோலின்ஸ்கி என்பது சைபீரிய மரநாய் வகை ஒன்றின் வால் முடி. இழைக்கு இழை பழுப்பு சற்று மாறும். நடுவில் வயிறு புடைத்து நுனி ஊசியாகக் கூடும். உங்கள் படத்திலிருப்பதில் எல்லா இழைகளும் ஒரே செம்பொன் நிறம், ஒரே பளபளப்பு. செயற்கை இழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கைப்பிடியில் வரிசை எண் எதுவும் அச்சிடப்படவில்லை. உயர்ந்த முடிப் பிரஷ் செய்பவர்கள் பெரும்பாலும் அதைப் போடாமல் விடுவதில்லை. செயற்கை இழை என்ற கணக்கில் மட்டும் அதற்கு விலை வையுங்கள்.

நானாக இருந்தால் ஆறு காட்மனுக்குப் புது டியூப் விலையில் பாதி, அலிசரினுக்கு அதைவிடக் குறைவு, உயரமான மற்றொன்றான பர்ன்ட் அம்பருக்கு முக்கால் பங்கு என்று கணக்கிட்டுக் கேட்பேன். ஒன்பதாவது டியூப்பின் பின்பக்கத்தில் PB28 என்று இருந்து, டியூப் முக்கால்வாசி நிரம்பியிருந்தால், அந்த ஒன்றுக்காகவே கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். படம் அனுப்ப அவர் மறுத்தால் அதை வெறும் நீலம் என்றே விலை பேசுங்கள்.