தேய்ந்த கல்வெட்டை போட்டோவில் படிப்பது: அடைப்பும் புள்ளியும் (கேள்வி பதில்)

காட்பாடி வாசகர்: கோயில் அதிட்டானத்தில் நாலு வரி. செல்போனில் பிளாஷ் போட்டு எடுத்தேன், பாதி எழுத்தே தெரியவில்லை. சுண்ணாம்புப் பொடி தேய்த்தால் பள்ளத்தில் தங்கி எடுப்பாகத் தெரியுமே?

தெரியும் என்பது சரிதான். ஆனால் பொடி கீறலிலும் பொரிந்த இடத்திலும் சேர்ந்தே தங்கும், இல்லாத கோடு எழுத்தாகிவிடும். கல்லுக்கும் கெடுதல். பிளாஷை அணைத்துவிட்டு, மாலை இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். இடமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம், இரண்டும் வேண்டும். இடப்பக்க வெளிச்சத்தில் நிமிர்ந்த கோடு நிழல் விழுந்து எழும்பும், படுக்கைக் கோடு காணாமல் போகும். ஒரே படத்தை வைத்து ‘ப’வையும் ‘ய’வையும் பிரிக்கப் போனால் தடுமாற்றம்தான். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் தெரியட்டும், பின்னால் அதுதான் கைகொடுக்கும்.

குடியாத்தம் வாசகர்: முதலாம் ராஜராஜன் மெய்க்கீர்த்தி என்று நினைக்கிறேன். ‘திருமகள் போலப் பெரு’ வரை படிக்கிறது. பிறகு 10 செ.மீ. பொரிந்துவிட்டது, அப்புறம் ‘செல்வியும்’. ‘தனக்கே’யில் க் அரைகுறை. எல்லாவற்றையும் சதுர அடைப்பில் போட்டுவிடலாமா?

போடலாம். ஆனால் இரண்டு அடைப்பும் ஒன்றல்ல. கல்லில் மிச்சக்கோடு இருந்து, அதை வைத்துப் படித்ததை வெறும் [ ] சொல்லும். கல்லில் ஒன்றுமே இல்லாமல் நாம் நிரப்பியதற்கு உள்ளே ஒரு * சேர வேண்டும்.

```
திருமகள் போலப் பெரு[நிலச்*] செல்வியும் தன[க்]கே
```

நிரப்புமுன் இடத்தை அளந்து பாருங்கள். மேல் வரியில் நன்றாகத் தெரிகிற பத்து எழுத்தை அளந்து சராசரி எடுங்கள். அது 3.5 செ.மீ. என்றால் நி, ல, ச மூன்றுக்கும் 10.5. உங்கள் 10 செ.மீ.க்குப் பொருந்துகிறது. (கல்லில் பெரும்பாலும் புள்ளி வெட்டியிருக்காது, அதை நாம்தான் வைக்கிறோம்.) பள்ளம் 20 செ.மீ. இருந்திருந்தால் மெய்க்கீர்த்தி மனப்பாடம் என்பதற்காக ‘நிலச்’ போடக்கூடாது. வெட்டியவர் வேறு ஏதோ எழுதியிருக்கிறார்.

ஆரணி வாசகர்: விளக்குக்கு விட்ட ஆடு. ‘சாவா மூவாப் பேராடு’க்குப் பிறகு 22 செ.மீ. போய்விட்டது. நொந்தா விளக்கு என்றால் 90 ஆடுதானே, [தொண்ணூறு*] என்று நிரப்பிவிட்டேன்.

எடுத்துவிடுங்கள். 90 உண்டு, 96ம் உண்டு. வாய்பாட்டை நிரப்பலாம், எண், பேர், ஆண்டு மூன்றையும் நிரப்பக்கூடாது, ஏனென்றால் பிறகு வருகிறவர் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார். இடம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். உங்கள் கல்லிலும் ஒரு குறிக்கு 3.5 செ.மீ. என்று வைத்தால், தொண்ணூறு கல்லில் ெ, த, ா, ண, ணூ, று என ஆறு குறி, சுமார் 21 செ.மீ. தொண்ணூற்றாறு ஒன்பது குறி, 31 செ.மீ.யைத் தாண்டும். ஆகவே தொண்ணூறு பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் வாசகத்தில் . . . . என்று நாலு புள்ளி, அடிக்குறிப்பில் ‘இடம் தொண்ணூறுக்குப் போதுமானது’. எண்ணிக்கையே தெரியாத இடமென்றால் – – – போடுங்கள்.

அதே வாசகர்: ஆறு குறி என்றீர்கள், நாலு புள்ளி எப்படி?

நான் எழுத்தைக் கணக்கிடுகிறேன், தொ ஒரு எழுத்து. கல்லில் பிடிக்கும் இடப்படி ஆறு புள்ளி வைப்பவர்களும் உண்டு, அதையும் தப்பென்று சொல்ல முடியாது. எந்தக் கணக்கு என்று படியின் தலைப்பில் எழுதிவிடுங்கள்.

வாலாஜாப்பேட்டை வாசகர்: எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் பூச்சி அரித்த இடத்துக்கும் இப்படிப் புள்ளி வைக்கலாமா?

உங்கள் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பத்திரத்தில் பேனா படக்கூடாது. பதிவான பத்திரமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள்.

குடியாத்தம் வாசகர்: ஆண்டு ‘௰’க்குப் பிறகு ச மாதிரி. 14 என்று படிக்கலாமா?

கீழ்ப்பக்கம் முழுசாக இருக்கிறதா பாருங்கள். ௪ ச போல, ௬ சு போல. வித்தியாசம் கீழே இறங்கும் வால்தான். வால் வரவேண்டிய இடம் வழவழவென்று வெட்டுப்படாமல் இருந்தால் ௪ உறுதி, அடைப்பே வேண்டாம். அந்த இடம் பொரிந்திருந்தால் ‘௰ .’ என்று விட்டு, இரண்டையும் அடிக்குறிப்பில் தாருங்கள். ராஜராஜன் பட்டமேறியது 985. 14 என்றால் 998-99, 16 என்றால் 1000-01.

காட்பாடி வாசகர்: பள்ளத்தை ஒட்டி நிமிர்ந்த கோடு ஒன்று. ரவா, காலா?

சோழர் கல்லில் இரண்டுக்கும் வடிவம் அநேகமாக ஒன்றுதான். ‘தேவரககு’ என்று தெரிவதை ‘தேவர்க்கு’ என்று கொள்வது சொல்லைப் பார்த்துத்தான். உங்களுக்கு முன்னெழுத்தே இல்லை. முதலில், கோடு அடுத்த வரிக்கும் இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் அது வெடிப்பு. இல்லையென்றால் ‘. [ர]’ போட்டு, கால் ஆகவும் இருக்கலாம் என்று குறித்துவிடுங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுந்த படத்தையும் அனுப்புங்கள், முன்னெழுத்தின் அடிக்கோடு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா பார்க்கிறேன்.