கேபிள் செருகியும் லைட் எரியவில்லை என்றால்

ரவுட்டர்ல இருந்து கம்ப்யூட்டருக்குப் போற கேபிளைச் செருகினா லைட்டே வரல. கேபிள் போச்சா, போர்ட் போச்சா?

முதலில் நன்றாக வேலை செய்யும் வேறொரு கேபிளை அதே இரண்டு முனைகளிலும் செருகிப் பாருங்கள். அப்போதும் எரியாவிட்டால் ரவுட்டரில் பக்கத்து லேன் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அங்கே எரிந்தால் பழைய போர்ட்தான் போயிருக்கிறது, மின்னலுக்குப் பிறகு இப்படி ஆவதுண்டு.

சரி, கேபிள்தான் என்று தெரிந்தால் பிளக்கை விரலால் உள்ளே அழுத்திப் பிடியுங்கள். லைட் வந்து, கையை எடுத்ததும் அணைந்தால் கிளிப் உடைந்திருக்கும்; டேப் ஒட்டுவது வீண், வெட்டிவிட்டுப் புது பிளக் போடுங்கள். அழுத்தியும் வராவிட்டால் கிரிம்பிங்கை, அதாவது பிளக்குக்குள் கம்பிகளை அழுத்திப் பொருத்தியிருக்கும் விதத்தைப் பாருங்கள். எட்டுக் கம்பிகளின் நுனியும் பிளக்கின் முன்சுவரைத் தொட வேண்டும், அதிலும் 1, 2, 3, 6 ஆகியவற்றில் ஒன்று குட்டையாக நின்றுவிட்டால் பெரும்பாலும் லிங்க்கே வராது. மற்ற நான்கில் கோளாறு என்றால் லைட் எரியலாம், ஆனால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.